எண்ணும் சொல்லும்: பயிற்சித்தாள்களின் தமிழாக்கம் பற்றிய ஒரு நோக்கு

மொழிபெயர்ப்புப் பற்றிய விமர்சனம் நம்மிடையே பெரும்பாலும் இலக்கிய மொழிபெயர்ப்பையே தனது பொருளாகக் கொண்டு வந்துள்ளது. நாவலொன்று தமிழுக்கு வரும்போது மூலத்தின் தொனி பேணப்பட்டதா, பாத்திரங்களின் பேச்சு இயல்பாக அமைந்ததா என்பன போன்ற வினாக்களை நாம் எழுப்புகின்றோம். அறிவியல் நூல்கள் பற்றிய பேச்சு எழுமிடத்துக் கலைச்சொல்லாக்கத்துடன் நின்றுவிடுகின்றோம். இவ்விரு வகையிலும் அடங்காத எழுத்தொன்று உண்டு. வைத்தியசாலைகளின் இயன்மருத்துவப் பகுதிகளில் நாரி நோவுடனும் முழங்காற் காயத்துடனும் வருபவர்களுக்கு வழங்கப்படும் பயிற்சித்தாளே அது. பெரும்பாலும் ஒரு பக்கம் அல்லது இரண்டு பக்கங்களே கொண்ட இத்தாளை எவரும் இலக்கியமாகக் கொள்ளார். ஆயின் ஒவ்வொரு சொல்லும் ஓர் உடலால் நிறைவேற்றப்படுவதற்கென்றே எழுதப்படும் எழுத்து இதுவென்பது நோக்கற்பாலது. கவிதையின் ஒரு சொல் பிழைத்தால் வாசகனின் இரசனை குறையும். இத்தாளில் ஒரு சொல் பிழைத்தால் வாசகரின் முழங்கால் வீங்கும்.

அண்மையில் இத்தகைய தமிழ்த்தாள்கள் இரண்டினை, ஒன்று முழங்காலுக்கும் மற்றையது நாரிக்கும் உரியன, அவற்றின் ஆங்கில மூலங்களுடன் ஒப்பிட்டு வாசிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அவை எங்கு வழங்கப்பட்டன என்பது இங்கு முக்கியமன்று. நல்லெண்ணத்துடன் ஆக்கப்பட்டவை என்பதிலும் ஐயமில்லை. அவற்றின் குறைபாடு பலரும் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எதிர்பார்க்கப்படும் இடம் உடற்கூற்றுக் கலைச்சொற்களாகும். இத்துறையில் நமக்கு நீண்டதொரு மரபு உண்டு. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1852ஆம் ஆண்டிலேயே உடற்கூற்று நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். பின்னர், 1950களிலும் 1960களிலும், அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் அப்பணியை வேறொரு வழியில் தொடர்ந்தன. ஆகவே தொடையின் முன்புறத்துத் தசைக்கு ‘நாற்றலைத் தசை’ என்றொரு சொல் மொழிபெயர்ப்பாளரின் கைக்கு எளிதில் கிடைக்கின்றது. அச்சொல்லில் பிழையில்லை. எனினும் பயிற்சி செய்பவருக்கு அது வேண்டியதுமில்லை. தமது தசைக்கு எத்தனை தலைகள் உண்டென்பதை அவர் அறிய வேண்டியதில்லை. தொடையின் முன்புறம் கல்லாக இறுகுவதைக் கைவைத்து உணர்ந்தாரானால் அதுவே போதும். உண்மையான சிக்கல் இதனினும் எளியதாகத் தோன்றும் ஓரிடத்தில், அதாவது எண்ணில், உள்ளது. எதனை, எத்தனை தடவை, எவ்வளவு நேரம், நாளில் எத்தனை வேளை என்பதே பயிற்சியின் மருந்தளவு. அந்த அளவைத் தமிழ் வாக்கியம் தெளிவாகச் சுமந்து செல்லவில்லையெனின் ஏனைய சிறப்புகளால் பயனில்லை.

முழங்காற் தாளிலுள்ள நேர்க்கால் உயர்த்தற் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். தமிழாக்கம் வருமாறு அமைந்திருந்தது: “மல்லாந்து படுத்து, நலமான காலை மடித்து, பாதிக்கப்பட்ட காலின் நாற்றலைத் தசையைச் சுருக்கி, காலை நேராக உயர்த்தி, 5 விநாடிகள் பிடித்து, மெதுவாக இறக்கி, மீண்டும் 10 முறை செய்து, இதனை 3 முறையும் நாளொன்றுக்கு 2 முறையும் செய்யவும்.”

இலக்கண நோக்கில் இது குற்றமற்ற வாக்கியம். வினையெச்சங்களை அடுக்கிச் சென்று இறுதியில் ஒரு முற்றினால் முடிப்பது தமிழ் உரைநடையின் இயல்பு. கதை சொல்வதற்கு அது மிகவும் வாய்ப்பானது. கட்டளைக்கோ அதுவே இடராகின்றது. ‘10 முறை’ என்பது எதனைத் தழுவுகின்றது? உயர்த்தி இறக்குவதை மட்டுமா, தசையைச் சுருக்குவது முதலா, மல்லாந்து படுப்பது முதலா? எச்சங்கள் யாவும் ஒரே தரத்தனவாக நிற்பதனால் எண் எங்கிருந்து தொடங்குகின்றது என்பதற்கு வாக்கியத்தில் எந்த அடையாளமும் இல்லை. ஆங்கில மூலத்தில் ஒவ்வொரு செயலும் தனியேவல் வாக்கியமாக நின்றது. எண் வேறொரு வரியில் தரப்பட்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் அவற்றை ஒரே வாக்கியமாக்கியது தமிழ் நடை செவ்விதாக அமைய வேண்டுமென்ற விருப்பினாலாதல் வேண்டும்.

அடுத்து ‘மீண்டும் 10 முறை’. முதலில் ஒன்று செய்தாயிற்று. மீண்டும் பத்து எனின் பதினொன்று. ஒன்று கூடுவதால் எவருக்கும் தீங்கு நேராது என்று இதனை விட்டுவிடலாம். ஆயின் வாக்கியத்தின் இறுதிப்பகுதியை அவ்வாறு விட்டுவிட இயலாது. ‘முறை’ என்ற ஒரே சொல் மூன்று வேறு அளவுகளுக்கு நிற்கின்றது. மூலத்தின் கருத்து, பத்து உயர்த்தல்கள் கொண்ட சுற்று மூன்று, அவ்வாறு நாளில் இரு வேளை, மொத்தம் 60 உயர்த்தல்கள் என்பதாகும். ‘3 முறையும் 2 முறையும்’ என்பதில் வரும் உம்மையைக் கூட்டற்பொருளில் கொள்பவர் ஐந்து முறை என்றெண்ணி 50 செய்வார். மூன்று என்பது பயிற்சிக்கும் இரண்டு என்பது நாளுக்கும் உரியவை என்று பகுத்தறியாத இன்னொருவர் காலை பத்து, மாலை பத்து என்று 20உடன் நிறுத்துவார். இவர்களில் எவரும் கவனக்குறைவாக வாசித்தவர் அல்லர். இத்தாளை என் அயலிலுள்ள முதிய பெண்மணி ஒருவருக்கு வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டது நான் எண்ணியிராத நான்காவது வினா: “பத்தெண்டா ரெண்டு காலுக்கும் சேர்த்தோ பிள்ளை, இல்லாட்டி ஒரு காலுக்கோ?” தாளில் அதற்கு விடையில்லை.

இந்த மூன்று அளவுகளும் எங்கிருந்து வந்தன என்பதை அறிவது அவற்றுக்குரிய தமிழ்ச்சொற்களைத் தெரிவதற்குத் துணைபுரியும். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் சிக்காகோவிலிருந்த இராணுவ வைத்தியசாலையொன்றில் தோமஸ் டிலோர்ம் என்ற வைத்தியர், தொடையிலும் முழங்காலிலும் காயமுற்ற படைவீரருக்குப் பளுவைக் கொண்டு பயிற்சியளித்து 1945இல் அதுபற்றி எழுதினார். ஒருவர் பத்துத் தடவை மட்டுமே தூக்கக்கூடிய பளு எது என்பதை முதலிற் கண்டறிவது அவரது முறை. தொடக்கத்தில் அவர் பல சுற்றுகளை விதித்தார். 1948இல் வொட்கின்ஸ் என்பவருடன் இணைந்து அவற்றை மூன்றாகக் குறைத்தார். முதற் சுற்றில் அப்பளுவின் பாதி, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழுப்பளு. இன்று உலகெங்கும் பயிற்சித்தாள்களில் வழங்கும் ‘மூன்று பத்து’ பெரும்பாலும் இதன் வழிவந்ததே. ஆகவே இங்கு பத்து என்பது அளந்து பெறப்பட்ட ஓர் எல்லை. மூன்று என்பது இடையில் ஓய்வால் பிரிக்கப்பட்ட சுற்றுகளின் எண்ணிக்கை. சில தாள்களில் இதற்குத் ‘தொகுதி’ என்ற சொல் வழங்கப்படுகின்றது. தொகுதி என்பது குவிந்து கிடப்பதை உணர்த்துமேயன்றி இடையில் ஆறுவதை உணர்த்தாது. சிறுவர் விளையாட்டிலும் போட்டிகளிலும் நாம் வழங்கும் ‘சுற்று’ என்ற சொல்லில் ஒன்று முடிந்து மூச்சுவாங்கி அடுத்தது தொடங்கும் பொருள் ஏலவே அடங்கியுள்ளது.

எனவே, ஒரு செயல் தொடங்கி முடிவதற்குத் ‘தடவை’, ஓய்வு வரையான தொடருக்குச் ‘சுற்று’, நாளின் பகுதிக்கு ‘வேளை’ என மூன்று சொற்களை வகுத்துக்கொண்டு, தாள் முழுவதிலும் அவற்றை இடம்மாற்றாது ஆளுதல் வேண்டும். ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வருவது நடைக்கு அழகன்று என்று நாம் கட்டுரைப் பாடத்தில் பயின்றிருக்கின்றோம். அந்தப் பாடம் இங்கு செல்லாது. ‘தடவை’, ‘தரம்’, ‘முறை’ என மாற்றி மாற்றி எழுதுபவர் வாசகரை மூன்று பொருள்களைத் தேடவைக்கின்றார்.

மேற்கண்ட பயிற்சியை இவ்வாறு திருத்தி எழுதலாம்:

“தொடக்க நிலை: கட்டிலில் மல்லாந்து படுங்கள். நோவில்லாத காலை மடித்துப் பாதத்தை ஊன்றுங்கள். நோவுள்ள காலை நீட்டி வையுங்கள். சுற்று முடியும்வரை இப்படியே படுத்திருங்கள்.

அசைவு: நீட்டிய காலின் முழங்காலைக் கட்டிலோடு அழுத்துங்கள், தொடையின் முன்புறம் இறுகும். அந்த இறுக்கம் தளராமல், முழங்கால் மடியாமல், காலை மற்ற முழங்காலின் உயரத்துக்குத் தூக்குங்கள். ஆயிரத்தொன்று முதல் ஆயிரத்தைந்து வரை வாய்விட்டு எண்ணி முடியும்வரை காலை அங்கேயே வைத்திருங்கள். மெதுவாகக் கட்டிலில் இறக்குங்கள். இது ஒரு தடவை.

அளவு: 10 தடவை ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் ஒரு நிமிடம் ஆறுங்கள். காலையில் 3 சுற்று. மாலையில் 3 சுற்று. நோவுள்ள காலுக்கு மட்டும்.”

இத்திருத்தம் மூலத்தைவிட நீளமானது. அதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. தொடக்க நிலையையும் அசைவையும் பிரித்ததனால் எண்ணப்படுவது எது என்ற ஐயம் அகல்கின்றது. ‘இது ஒரு தடவை’ என்ற சிறு வாக்கியம் எண்ணலின் எல்லையை வரையறுக்கின்றது. ‘பிடித்து’ என்ற சொல் நீக்கப்பட்டமைக்கும் காரணமுண்டு. ஆங்கிலத்தில் ஒரு நிலையில் அசையாதிருத்தலையும் கையால் பற்றுதலையும் ஒரே சொல் குறிக்கின்றது. தமிழில் ‘காலை உயர்த்திப் பிடியுங்கள்’ என்றால் கைகள் தொடைக்குக் கீழே செல்வது இயல்பே. கை தாங்கிய காலில் தசைக்கு வேலையில்லை. பயிற்சி நடந்ததுபோலத் தோன்றும், பயன் இராது.

விநாடி பற்றியும் ஒரு சொல். படுத்திருப்பவர் மணிக்கூட்டைப் பார்க்க இயலாது. ஒன்று, இரண்டு என எண்ணச் சொன்னால் களைப்பு ஏற ஏற எண்ணும் வேகமும் ஏறும். ஐந்து விநாடி இரண்டாகச் சுருங்கும். ‘ஆயிரத்தொன்று’ என்று நிதானமாகச் சொல்ல ஏறத்தாழ ஒரு விநாடி செல்கின்றது. வாய்விட்டு எண்ணுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. பேசுபவர் மூச்சை அடக்க முடியாது. பளுத் தூக்கும்போது மூச்சடக்குதல் இரத்த அழுத்தத்தைத் திடீரென உயர்த்துமாதலால், முதியோருக்கான தாளில் இது சிறு விடயமன்று.

எண் ஓர் எல்லையேயன்றி இலக்கன்று என்பதையும் தாள் சொல்ல வேண்டும். ஏழாவது தடவையில் முழங்கால் சற்றே மடியத் தொடங்குமாயின் தசை களைத்துவிட்டது என்பது பொருள். அதன்பின் செய்யப்படும் மூன்றும் வேறு தசைகளால் இழுத்துச் செய்யப்படுவன. “முழங்கால் மடியத் தொடங்கினால் அந்தச் சுற்றை அத்துடன் நிறுத்துங்கள்” என்ற வாக்கியம் மூலத்தில் இருந்தது, தமிழ்த்தாளில் இல்லை. இடம் போதாமையால் விடப்பட்டிருக்கலாம். விடுவதற்குத் தாளின் தலைப்பிலிருந்த அலங்காரக் கோடுகள் இருந்தன.

நாரித்தாளில் சிக்கல் வேறு வகையில் எழுகின்றது. அதன் தலைப்பே ‘கீழ்முதுகு வலி’ என்றிருந்தது. ‘நாரி’ என்ற அருமையான சொல் நாவில் இருக்க, ஆங்கிலச் சொற்றொடரைப் பிரித்து ‘கீழ்முதுகு’ என்று கட்டவேண்டிய தேவை என்ன? ‘வலி’ என்பதும் நமது பேச்சில் வலிப்பை நினைவூட்டும் சொல். நாரி நோ, உளைவு, குத்து, விறைப்பு என நம்மிடையே வழங்கும் சொற்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட்ட உணர்வுகளைக் குறிப்பன. பயிற்சித்தாளுக்கு அந்த வேறுபாடு இன்றியமையாதது. தசை இழுபடும் உணர்வு வரும்வரை செய்க, குத்து வந்தால் நிறுத்துக என்று சொல்லவேண்டிய இடத்தில் இரண்டுக்கும் ‘வலி’ என்று எழுதினால் வாசகர் ஒன்றில் பயிற்சியையே கைவிடுவார், அல்லது குத்தையும் பொறுத்துக்கொண்டு செய்வார்.

இத்தாளின் முதற் பயிற்சி ‘இடுப்பைச் சரித்தல்’. இதனை வாசித்தவர் இடுப்பைப் பக்கவாட்டிற் சரித்தால் அவரைக் குறைகூற முடியாது. உண்மையில் நிகழ வேண்டியது, முழங்கால்களை மடித்து மல்லாந்து கிடக்கும்போது நாரிக்கும் பாய்க்கும் இடையே கை நுழையுமளவிற்கு இருக்கும் இடைவெளியை, வயிற்றுத் தசையை இறுக்கி இல்லாமற் செய்வதாகும். “நாரியைப் பாயோடு அழுத்துங்கள், உள்ளே வைத்த கை நசுங்க வேண்டும்” என்றால் அசைவும் விளங்குகின்றது, சரியாகச் செய்தோமா என்று அறியும் வழியும் கிடைக்கின்றது.

இரண்டாவது பயிற்சியே கூடிய கவலை தருவது. குப்புறப் படுத்து, இடுப்பை நிலத்திலேயே விட்டு, கைகளை ஊன்றி மார்பை மட்டும் எழுப்பும் பயிற்சி இது. நியூசிலாந்தைச் சேர்ந்த இயன்மருத்துவர் றொபின் மக்கென்சியின் பெயருடன் பெரிதும் இணைத்துப் பேசப்படுவது. அவர் பொதுமக்களுக்கு எழுதிய நூல் 1980இல் வெளிவந்தது. தமிழ்த்தாள் இதனைத் ‘தண்டால்’ என்று பெயர்த்துள்ளது. தண்டால் எதுவென்பது நம்மவர் அறிந்ததே: உடலைப் பலகைபோல் விறைப்பாக்கி முழுப்பாரத்தையும் கையிலும் கால்விரலிலும் தாங்குவது. மக்கென்சியின் பயிற்சியில் இடுப்பும் நாரியும் தளர்ந்து தொய்ந்து கிடக்க வேண்டும். வேலை கைகளுக்கு மட்டுமே. ஆகவே இங்கு பழகிய சொல்லே எதிர்ப்பொருள் தந்துவிடுகின்றது. பெயரே இல்லாமல், “இடுப்பு நிலத்தை விட்டு எழாமல், கைகளால் மார்பை மட்டும் எழுப்புங்கள்” என்று எழுதியிருப்பின் போதுமானது.

அப்பயிற்சியின் அளவும் நமது ‘வேளை’ என்ற சொல்லின் எல்லையைக் காட்டுகின்றது. ஒரு நேரத்தில் 10 தடவை, நாளில் ஆறு முதல் எட்டு நேரம் என்பது அதற்கு வழமையாக விதிக்கப்படுவது. ‘ஆறு வேளை’ என்று நாம் பேசுவதில்லை. வேளை நமக்கு உணவோடும் குளிசையோடும் இரண்டு மூன்றாகவே வருவது. இங்கு “காலை எழுந்தது முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒவ்வொருமுறையும் 10 தடவை” என்று நேரத்தைக்கொண்டு சொல்வதே தெளிவு. ஒரு சொல்லை வகுத்துக்கொண்டோம் என்பதற்காக அதனைப் பொருந்தாத இடத்திற் புகுத்துவதும் தவறே.

இப்பயிற்சியில் நோவின் அளவைவிட நோவின் இடம் முக்கியமானது. காலில் ஓடிய நோ மெல்ல மேலேறி நாரியில் ஒதுங்குமாயின், நாரியில் நோ சற்றுக் கூடினும், அது நன்று. நோ கீழிறங்கிக் கெண்டைக்கால், பாதம் என்று செல்லுமாயின் நிறுத்த வேண்டும். தமிழ்த்தாள் இதனை ‘நோவு மையப்படுதல்’ என்று ஒரே சொற்றொடரில் முடித்திருந்தது. எது மையம் என்பது வாசகருக்கு எவ்வாறு தெரியும்?

இறுதியில் எச்சரிக்கைப் பகுதி. முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நெருக்குண்டால் சிறுநீர் கழிக்க முடியாமை, மலம் அடக்க முடியாமை, கால்கள் சோர்தல் ஆகியன தோன்றலாம். தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லாவிடின் அவை நிலைத்துவிடலாம். இவற்றுடன் வரும் ஓர் அடையாளத்தைத் தாள் ‘சேணப் பகுதியில் உணர்விழப்பு’ என்று சொல்கின்றது. குதிரையேறி வாழ்ந்தவர்களின் மொழியிலிருந்து வந்த உவமை அது. நமக்குச் சேணம் எதற்கு? “சைக்கிள் ஆசனத்தில் அமரும்போது அதில் படும் இடம், மலவாசலைச் சுற்றியும் தொடைகளின் உட்புறமும், மரத்துப் போதல்” என்று எழுதினால் அனைவருக்கும் விளங்கும. இடக்கர் என்று கருதி மொழிபெயர்ப்பாளர் ஒதுங்கியிருக்கலாம். நன்னூல் கற்பிக்கும் இடக்கரடக்கல் அவைக்கு உரியது. தனியறையில் தன் உடலைப் பரிசோதித்துக்கொள்ளும் ஒருவருக்கு அது உதவாது.

இவ்வாறு எழுதினால் வட்டார வழக்காகிவிடும், ‘நாரி’ என்றால் எங்கும் விளங்குமா என்றொரு மறுப்பு எழக்கூடும். நியாயமான மறுப்பே. மலையகத்தில் வழங்கப்படும் தாளில் ‘இடுப்பு வலி’ என்றிருப்பதே பொருத்தம் எனலாம். உறுப்பின் பெயரும் நோவின் பெயரும் அந்தந்த வைத்தியசாலைக்கு வருவோரின் பேச்சிலிருந்து வரட்டும். தடவை, சுற்று, தொடக்க நிலை, அசைவு என்ற அமைப்பு எங்கும் ஒன்றாக இருக்கலாம். தாள் ஆயத்தமானதும், அச்சுக்குக் கொடுக்குமுன், நோயாளர் ஒருவர் அதனைத் தாமே வாசித்துச் செய்துகாட்ட வேண்டும். எழுதியவர் வாய் திறவாது பார்த்திருக்க வேண்டும். எந்த வரியில் அவர் நின்று நிமிர்ந்து பார்க்கின்றாரோ அந்த வரியே திருத்தப்பட வேண்டியது.

இன்னும் ஒன்று. அளவு என்ற தலைப்பின் கீழ் எண்களை அச்சிடாது வெற்றிடமாக விடுதல் நன்று. காயமுற்று இரண்டாம் வாரத்தில் உள்ளவருக்கும் மூன்றாம் மாதத்தில் உள்ளவருக்கும் ஒரே பத்து பொருந்தாது. அச்சில் உள்ள எண்ணை நம்மவர் மாற்றுவதில்லை. பேனாவால் எழுதப்பட்ட எண்ணெனின், அடுத்த கிளினிக்கில் அதனை வெட்டி வேறெண் எழுதுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.